‘இல்லை’ எங்கே இருக்கிறது? எதிர்மறை வினைகளுக்கு ஓர் எளிய விளக்கம்

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் இப்படி ஒரு பேச்சு நடக்கலாம். “தம்பி, பருத்தித்துறை பஸ் இன்னும் வரேல்லையோ?” “இல்லை அண்ணை. இனி வராது போலை கிடக்கு. நானும் இனி நிக்க மாட்டன்.”

மறுப்பு நாலு இடத்தில் வந்திருக்கிறது: வரேல்லை, இல்லை, வராது, மாட்டன். நமக்கு இவை எல்லாம் ஒரே வேலையைச் செய்கிற மாதிரித் தெரியும். ஆனால் வடிவத்தைப் பார்த்தால் இவை வேறு வேறு காலத்தில் வேறு வேறு வழியில் உண்டானவை. ‘இல்லை’ தனியாக நிற்கிற ஒரு சொல். ‘வரேல்லை’யில் அதே சொல் இன்னொரு வினையின் முதுகில் ஏறியிருக்கிறது. ‘மாட்டன்’ ஒரு துணைவினை, அது ‘நான்’ என்ற ஆளையும் சேர்த்துச் சொல்கிறது. ‘வராது’ இவை எல்லாவற்றிலும் பழைய முறையில் வந்தது.

எதிர்மறை பற்றி மொழியியலில் முதலில் கேட்கிற கேள்வியே இதுதான்: ஒரு வாக்கியத்தில் மறுப்பு எந்த உறுப்பில் இருக்கிறது? அடுத்த கேள்வி, மறுப்புப் போலத் தோன்றும் உறுப்பு இரண்டு வந்தால் என்ன ஆகும் என்பது. இரண்டு கேள்விக்கும் தமிழிலேயே நல்ல விடை கிடைக்கும். அதனால் தமிழிலிருந்து தொடங்கி, தேவையான இடத்தில் மட்டும் வெளியே போய் வருவோம்.

காலம் காட்டாத வினை

‘செய்’ என்ற வினையை எடுத்துக்கொள்வோம். ‘செய்வேன்’ என்பதைப் பிரித்தால் மூன்று துண்டு வரும்: செய் + வ் + ஏன். ‘செய்’ வேர், ‘வ்’ எதிர்காலம் காட்டுவது, ‘ஏன்’ தன்மை ஒருமை. ‘செய்தேன்’ என்றால் நடுவில் ‘த்’ வரும், ‘செய்கிறேன்’ என்றால் ‘கிறு’ வரும்.

நடுத் துண்டை எடுத்துவிட்டு வேரோடு விகுதியை நேரே சேர்த்துப் பாருங்கள். செய் + ஏன் = செய்யேன். பழந்தமிழில் இதன் பொருள் ‘நான் செய்யவில்லை’, ‘செய்வதில்லை’, ‘செய்ய மாட்டேன்’ என்பது. மற்ற இடங்களுக்கும் இப்படியே வரும்: செய்யாய், செய்யான், செய்யாள், செய்யார், செய்யோம், செய்யீர். அஃறிணைக்குச் செய்யாது. ஒரு முழு வினை வாய்பாடே எதிர்மறைக்கென்று தனியாக இருந்தது. மொழியியலாளர் ‘எதிர்மறை வினைத்திரிபு’ என்று சொல்வது இதைத்தான். உடன்பாட்டு வாக்கியத்தில் ஒரு ‘இல்லை’யைக் கொண்டுபோய் ஒட்டுகிற வேலை இங்கே இல்லை. வினை பிறக்கும்போதே எதிர்மறையாகப் பிறக்கிறது.

இதில் யாரையும் யோசிக்க வைக்கிற விஷயம் ஒன்று உண்டு. ‘செய்யேன்’ என்பதில் மறுப்பைக் காட்டுகிற எழுத்து எது? ‘செய்’ மறுப்பு இல்லை, ‘ஏன்’ மறுப்பு இல்லை. இரண்டுக்கும் நடுவே வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட கால்டுவெல், காலங்காட்டும் உறுப்பு இல்லாமல் வேரோடு விகுதி சேர்வதே இந்த எதிர்மறையின் வடிவம் என்று கவனித்திருந்தார். நமது பள்ளி இலக்கணம் இதை வேறு மாதிரி விளக்கும். ‘ஆ’ என்ற எதிர்மறை இடைநிலை நடுவில் இருந்தது, அடுத்த உயிரோடு புணர்ந்து கெட்டது என்று அது சொல்லும். ‘செய்யாது’ என்பதை செய் + ஆ + து என்று பிரித்தால் அந்த ‘ஆ’ கண்முன்னே தெரிகிறது. செய்யாத, செய்யாமல் ஆகியவற்றிலும் தெரிகிறது. ஆனால் செய்யேன், செய்யோம், செய்யீர் என்பவற்றில் தெரியவில்லை. ஆகவே பள்ளி விளக்கம் வாய்பாட்டின் ஒரு பாதியை நேராகவும் மறுபாதியை ஊகத்தாலும் விளக்குகிறது. எனக்கு இரண்டு விளக்கமும் ஒன்றையொன்று நிரப்புவதாகவே படுகிறது. இருந்த ‘ஆ’ மறைந்தது என்றே வைத்துக்கொள்வோம். அது மறைந்த பிறகும் கேட்பவர் அதை மறுப்பாகப் புரிந்துகொண்டார் என்றால், காலம் காட்டும் உறுப்பு அங்கே இல்லாததே அவருக்கு அடையாளமாக இருந்திருக்க வேண்டும்.

காலம் காட்டும் உறுப்பு இல்லை என்பதால் காலமும் இல்லை. இரண்டாம் குறளில் ‘நற்றாள் தொழாஅர் எனின்’ என்று வருகிறது. தொழாஅர் என்றால் தொழவில்லை என்றா, தொழுவதில்லை என்றா, தொழ மாட்டார் என்றா பொருள்? வடிவம் இதற்குப் பதில் சொல்லாது. அந்த இடத்தில் அது தேவையும் இல்லை.

காலத்தைத் திரும்பக் கொண்டுவந்தபோது

எல்லா இடத்திலும் அப்படி விட முடியாது. நேற்று வராதவனையும் நாளை வர மாட்டாதவனையும் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கும். அதற்குப் பழந்தமிழிலேயே இன்னொரு வழி இருந்தது. ‘வந்தான்’ என்பதில் காலம் காட்டுகிற பகுதியை வைத்துக்கொண்டு, விகுதிக்கு முன்னால் ‘இல்’ என்பதைச் சொருகினார்கள்: வந்திலன், கண்டிலன், செய்திலேன். நிகழ்காலத்துக்குச் செய்கின்றிலேன். இதில் காலமும் உண்டு, ஆளும் உண்டு, மறுப்பும் உண்டு. வடிவம் என்று பார்த்தால் தமிழ் செய்த எதிர்மறைகளில் இதுதான் மிக நிறைவானது.

இந்த ‘இல்’ எங்கிருந்து வந்தது? ‘வீட்டிலை ஆரும் இல்லை’ என்று சொல்லும்போது வருகிற அதே ‘இல்’தான். ஒரு பொருள் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வந்த சொல், மெதுவாக வினைகளை மறுக்கிற வேலைக்கும் வந்துவிட்டது. வில்லியம் குரோவ்ற் என்ற மொழியியலாளர் 1991இல், பல மொழிகள் இதே பாதையில் போவதைக் காட்டினார். இருப்பை மறுக்கும் சொல் முதலில் தன் வேலையை மட்டும் செய்யும். பிறகு வினைகளின் பக்கம் நுழையும். கடைசியில் பொதுவான மறுப்பாகவே நிலைத்துவிடும்.

தமிழில் ‘இல்’ இன்னும் ஒரு படி போனது. வந்திலேன், வந்திலை, வந்திலன் என்று ஆளுக்கு ஆள் மாறியது நின்று, ‘வர’ என்ற எச்சத்தோடு மாறாத ‘இல்லை’ சேர்ந்து ‘வரவில்லை’ ஆனது. யாழ்ப்பாணப் பேச்சில் அது ‘வரேல்லை’.

இப்போது எதைப் பெற்றோம், எதை விட்டோம் என்று பார்ப்போம். உடன்பாட்டில் வந்தன், வந்தாய், வந்தான், வந்தாள் என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வடிவம். எதிர்மறையில் நான் வரேல்லை, நீ வரேல்லை, அவன் வரேல்லை, அவை வரேல்லை. ஆள் வேறுபாடு முழுக்கப் போய்விட்டது. காலமும் பாதி போய்விட்டது. ‘நேற்று நான் வரேல்லை’ என்றால் இறந்தகாலம். ‘நான் வரேல்லை, நீங்கள் போங்கோ’ என்றால் இப்போது. வடிவம் ஒன்றேதான். உடன்பாட்டில் ‘வந்தன்’, ‘வாறன்’ என்று தெளிவாகப் பிரிகிற இரண்டு, எதிர்மறையில் ஒன்றாகிவிடுகின்றன. வழக்கமாக நடப்பதை மறுக்க மட்டும் ‘அவர் இப்ப இந்தப் பக்கம் வாறதில்லை’ என்று தனி வடிவம் வைத்திருக்கிறோம்.

மத்தி மியெஸ்தமோ என்ற பின்லாந்து ஆய்வாளர் 2005இல் எதிர்மறைகளை இந்த அடிப்படையில் இரண்டாகப் பிரித்தார். உடன்பாட்டு வாக்கியத்தில் ஓர் எதிர்மறைக் குறியைச் சேர்த்தால் போதும், வேறு எதுவும் மாறாது என்றால் அது சமச்சீர் எதிர்மறை. குறி சேர்வதோடு வினையின் அமைப்பே மாறினால் அது சமச்சீரற்ற எதிர்மறை. ‘வந்தன்’ என்பதற்கு ‘வரேல்லை’ சமச்சீரற்றதுக்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு மொழியைப் படிக்கத் தொடங்குகிறவர் செய்யக்கூடிய எளிய சோதனையும் இதுவே: உடன்பாட்டு வடிவங்களை ஒரு பக்கம், எதிர்மறையை மறுபக்கம் எழுதி, இடப்பக்கம் இருக்கிற எந்த வேறுபாடு வலப்பக்கம் காணாமல் போகிறது என்று பாருங்கள்.

அயல்மொழிகள் இதே சரக்கை வேறு விதமாகப் பங்கிட்டன. மலையாளத்தில் வந்நில்ல, வருந்நில்ல என்று காலம் நிற்கிறது, ஆள் இல்லை. ஆனால் மலையாளத்தில் உடன்பாட்டிலும் ஆள் விகுதி கிடையாது என்பதால் அங்கே எதிர்மறை எதையும் இழக்கவில்லை. தெலுங்கில் பழைய திராவிட வாய்பாடு இன்னும் உயிரோடு இருக்கிறது: ‘நேனு சேயனு’ என்றால் நான் செய்ய மாட்டேன், ‘நுவ்வு சேயவு’ என்றால் நீ செய்ய மாட்டாய். நம் ‘செய்யேன், செய்யாய்’ போலவே வேரோடு நேரே ஆள் விகுதி வருகிறது. இறந்தகாலத்துக்கு மட்டும் ‘சேயலேது’ என்று ஆள் காட்டாத வடிவத்துக்குப் போகிறார்கள்.

மாட்டன்: மறுக்கிற வினை

அடுத்தது ‘மாட்டன்’. எழுத்துத் தமிழில் மாட்டேன். இது ‘வரேல்லை’க்கு நேர் எதிர். இங்கே ‘வர’ மாறாமல் நிற்கும், ஆள் வேறுபாடு முழுவதும் மறுக்கிற சொல்லில் வரும்: வர மாட்டன், வர மாட்டாய், வர மாட்டான், வர மாட்டம்.

உலகத்தில் இப்படி மறுப்புக்கென்று ஒரு துணைவினையை வைத்திருக்கிற மொழிகள் அதிகம் இல்லை. மத்தியூ டிரையர் 1157 மொழிகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தெளிவாக எதிர்மறைத் துணைவினை கொண்டவை என்று 47 மொழிகளையே வகுத்தார். தனி இடைச்சொல்லோ ஒட்டோ கொண்டவைதான் பெரும்பான்மை.

அந்தச் சிறு கூட்டத்தில் எல்லோரும் எடுத்துக்காட்டாகச் சொல்வது பின்னிய மொழி. அங்கே மறுப்பே ஒரு வினை. ‘துலென்’ என்றால் வருகிறேன். வரவில்லை என்று சொல்ல ‘என் துலெ’. இந்த ‘என்’ நம் ‘என்’ இல்லை, மறுப்பு வினையின் தன்மை வடிவம். நீ என்றால் ‘எத் துலெ’, அவன் அல்லது அவள் என்றால் ‘எய் துலெ’, நாங்கள் என்றால் ‘எம்மெ துலெ’. ‘துலெ’ மாறவில்லை. ‘வர மாட்டன், வர மாட்டாய்’ என்று சொல்லிப் பழகிய நாக்குக்கு இதில் அந்நியமாக ஒன்றும் இல்லை.

பின்னிய மொழியின் உறவான எஸ்தோனிய மொழியில் இந்த மறுப்பு வினை தன் விகுதிகளை இழந்துவிட்டது. நான், நீ, அவன், எல்லோருக்கும் ‘எய் துலெ’ ஒன்றுதான். வினையாக இருந்தது, மாறாத ஒரு சொல்லாக இறுகிவிட்டது. வந்திலேன், வந்திலன் என்று ஆள் காட்டிய ‘இல்’, ‘இல்லை’ என்று இறுகியதும் அதே மாதிரியான நடப்புத்தான். தொடர்பே இல்லாத இரண்டு மொழிக் குடும்பங்களில் ஒரே மாற்றம் நடந்திருக்கிறது.

‘மாட்டேன்’ என்பதற்குள் இன்னொன்று ஒளிந்திருக்கிறது. பழந்தமிழில் ‘மாட்டு’ என்றால் இயலுதல், வல்லமை உடையதாதல். மாட்டு + ஏன் = மாட்டேன். நடுவில் காலம் காட்டும் உறுப்பு இல்லை. அதாவது இது ‘செய்யேன்’ வாய்பாட்டிலேயே அமைந்த ஓர் எதிர்மறை. ‘எனக்கு இயலாது’ என்று தொடங்கியது, ‘நான் செய்வதாக இல்லை’ என்ற பொருளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ‘செய்யேன்’ வழக்கிலிருந்து போய்விட்டது என்று நினைக்கிறோம். ஒவ்வொரு நாளும் ‘மாட்டன்’ என்று சொல்லும்போது அந்த வாய்பாட்டைத்தான் பயன்படுத்துகிறோம்.

யாழ்ப்பாணப் பேச்சில் எஞ்சியிருப்பவை

பழைய வாய்பாடு வேறு எங்கே மிஞ்சியிருக்கிறது என்று தேடினால், அடுப்படியிலும் பந்தியிலும் கிடைக்கும். “சோறு காணுமோ?” என்று கேட்டால் “காணும்” என்போம், அல்லது “காணாது” என்போம். காண் + ஆ + து. ‘ஏலும்’ என்பதற்கு ‘ஏலாது’, ‘தெரியும்’ என்பதற்குத் ‘தெரியாது’. இவை எல்லாமே ‘செய்யாது’ வகை. வயது போனவர்கள் சிலர் ‘நான் அறியன்’ என்று சொல்வது அந்தப் பழைய தன்மை வடிவமேதான்: அறி + ஏன் என்பது பேச்சில் அறியன்.

ஏன் இந்த வினைகளில் மட்டும் நின்றது? என் கணிப்பு இது. தெரிதல், ஏலுதல், காணுதல் போன்றவை ஒரு நிலையைச் சொல்பவை. இன்ன நேரத்தில் நடந்தது என்று குறிக்க வேண்டிய அவசியம் அவற்றில் குறைவு. காலம் காட்டாத வடிவத்துக்கு அது வசதியான இடம். ‘அப்பவும் எனக்குத் தெரியாது, இப்பவும் தெரியாது’ என்று ஒரே வடிவத்தால் இரண்டு காலத்தையும் இன்றும் சொல்கிறோம். ‘வராது’ அப்படி இல்லை. ‘நாளைக்கு பஸ் வராது’ சரி, ‘நேற்று பஸ் வராது’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வருதல் ஒரு நிகழ்ச்சி என்பதால் இறந்தகாலத்தை ‘வரேல்லை’ எடுத்துக்கொண்டது, ‘வராது’ எதிர்காலத்துக்கு ஒதுங்கிவிட்டது.

பழையது எது, பின்னால் வந்தது எது என்று காதாலேயே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ‘கதை’, ‘படி’, ‘அடி’ போன்ற வினைகளை எடுங்கள். இவற்றின் செய என்னும் எச்சத்தில் ‘க்க’ வரும்: கதைக்க, படிக்க, அடிக்க. ‘இல்லை’ சேர்ந்த எதிர்மறை அந்த எச்சத்தின் மேல் கட்டப்பட்டது. அதனால் அதிலும் ‘க்’ இருக்கும்: கதைக்கேல்லை, படிக்கேல்லை. பழைய எதிர்மறை வேரோடு நேரே சேர்வது, அதில் ‘க்’ வராது: கதையாமல் இரு, படியாமல் திரியிறான், அடியாதை. இரண்டு அடுக்கும் ஒருவர் வாயிலேயே, ஒரே வாக்கியத்தில்கூட வரும்: “படியாமல் திரிஞ்சவன், இப்பவும் படிக்கேல்லை.”

தமிழ்நாட்டுப் பேச்சில் படிக்காமல், குடிக்காமல், அடிக்காதே என்று அந்த இடங்களிலும் ‘க்க்’ நுழைந்துவிட்டது. எச்சத்தின் அச்சிலேயே எல்லாவற்றையும் வார்த்துவிட்டார்கள். இங்கேயும் இளையவர்களிடம் அந்த வடிவங்கள் கேட்கத்தான் செய்கின்றன, படங்களும் தொடர்களும் அவ்வளவு வருகின்றன. ஆனால் ‘கதையாதை’ என்று பிள்ளையை அதட்டுகிற தாய், பழைய எதிர்மறை வாய்பாடு எப்படி அமைந்தது என்பதற்கான சான்றை வாயில் வைத்திருக்கிறாள். பிள்ளைகளின் பேச்சை ‘கொச்சை’ என்று திருத்துகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ‘படியாமல்’ என்பது பிழை இல்லை, இலக்கண நூல்கள் சொல்கிற வடிவமே அதுதான்.

இரண்டு மறுப்பு வந்தால்

இனி இரண்டாவது கேள்வி. முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம், ஏனென்றால் ‘இரட்டை எதிர்மறை’ என்ற பெயரில் மூன்று வேறு விஷயங்கள் புழங்குகின்றன.

பிரெஞ்சு மொழியில் வினைக்கு முன்னால் ‘ந’, பின்னால் ‘பா’ என்று இரண்டு துண்டு வரும். ‘ஜ ந சே பா’ என்றால் எனக்குத் தெரியாது. துண்டு இரண்டு, மறுப்பு ஒன்றுதான். இந்தப் ‘பா’ முதலில் ‘ஓர் அடி’ என்ற பொருளுள்ள சாதாரணப் பெயர்ச்சொல். ‘ஓர் அடிகூட நடக்கவில்லை’ என்று அழுத்திச் சொல்லப் போய், கடைசியில் மறுப்பின் பாகமாகவே ஆகிவிட்டது. இன்று பேச்சில் ‘ந’ விழுந்து, ‘ஜ சே பா’ என்று ‘பா’ மட்டும் நிற்கிறது. டேனிய அறிஞர் ஒட்டோ யெஸ்பர்சன் 1917இல் விவரித்த இந்தச் சுற்று, பிறகு அவர் பெயராலேயே யெஸ்பர்சன் சுழற்சி எனப்பட்டது. தமிழில் இது நடக்கவில்லை, அதனால் இதோடு விடுவோம்.

உண்மையான இரட்டை எதிர்மறை என்பது இரண்டு மறுப்பும் தத்தம் வேலையைச் செய்து, ஒன்றை ஒன்று கவிழ்ப்பது. தமிழ் இதில் கைதேர்ந்த மொழி. ‘நீரின்று அமையாது உலகு’ என்ற குறள் அடியில் ‘இன்று’ ஒரு மறுப்பு, ‘அமையாது’ இன்னொரு மறுப்பு. இரண்டும் சேர்ந்து, உலகத்துக்கு நீர் வேண்டும் என்ற உடன்பாடு வருகிறது. நம் பேச்சிலும் ‘போகாமல் இருக்க ஏலாது’ என்றால் போயே ஆக வேண்டும்.

ஆனால் கவிழ்ந்த பிறகு கிடைப்பது எப்போதும் தொடங்கிய அதே உடன்பாடு அல்ல. கணக்கில் இரண்டு கழித்தல் ஒரு கூட்டல் ஆவது போல மொழியில் ஆவதில்லை. ‘எனக்குத் தெரியும்’ என்பதையும் ‘எனக்குத் தெரியாமல் இல்லை’ என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாவதைச் சொல்கிறவர், தெரியாது என்று யாரோ நினைப்பதை மறுக்கிறார். தெரிந்ததை முழுதாக ஒப்புக்கொள்ளவும் அவருக்கு மனமில்லை. ‘போகாமல் இருக்க ஏலாது’ வேறு பக்கம் போகிறது, வெறும் ‘போக வேணும்’ என்பதைவிட அது கடுமையானது. எந்த மறுப்பு எதன் மேல் இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பொருள் தளர்வதும் இறுகுவதும் நடக்கிறது. ‘ஏலாது’ என்று இயலுவதையே மறுத்தால் வேறு வழியே இல்லை என்றாகும். ‘இல்லை’ என்று இருப்பை மறுத்தால் இடையில் ஒரு சந்து திறந்தே இருக்கும்.

மூன்றாவது, எதிர்மறை இயைபு. இங்கே மறுப்புச் சொற்கள் பல வரும், பொருளில் மறுப்பு ஒன்றாகவே நிற்கும். ரஷ்ய மொழியில் ‘நிக்தோ’ என்றால் ‘ஒருவரும் இல்லை’ என்ற பொருள் கொண்ட சொல். ஆனாலும் ‘ஒருவரும் வரவில்லை’ என்று சொல்ல, வினைக்கு முன்னும் ‘நெ’ என்ற மறுப்பைப் போட்டே ஆக வேண்டும்: ‘நிக்தோ நெ ப்ரிஷோல்’. ஸ்பானிய மொழி இடத்தைப் பார்க்கும். ‘நாதியெ’ என்ற சொல் வினைக்குப் பின்னால் வந்தால் முன்னால் ‘நோ’ வேண்டும்: ‘நோ வினோ நாதியெ’. முன்னால் வந்தால் ‘நோ’ வரக்கூடாது: ‘நாதியெ வினோ’. இரண்டுக்கும் பொருள் ஒன்றே, ஒருவரும் வரவில்லை. எழுத்து ஆங்கிலத்தில் ‘நோபடி’ வந்தால் வினையில் மறுப்பு வராது. ஆனால் பல வட்டார ஆங்கிலப் பேச்சுகளிலும் பழைய ஆங்கிலத்திலும் இரண்டும் சேர்ந்து வரும். அதைத் தர்க்கப் பிழை என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். மார்ட்டின் ஹாஸ்பெல்மாத் 206 மொழிகளைப் பார்த்ததில் 170 மொழிகளில் ‘ஒருவரும்’ வகைச் சொல்லோடு வினையிலும் மறுப்பு வந்தது. எழுத்து ஆங்கிலம்தான் உலக வழக்கத்துக்கு விலக்கு.

தமிழும் அந்த 170இன் பக்கம்தான் தோன்றும். ‘ஆரும் வரேல்லை’, ‘ஒண்டும் வாங்கேல்லை’. அப்படியானால் தமிழில் எதிர்மறை இயைபு இருக்கிறதா? இந்த இடத்தில் பலர் அவசரப்பட்டு ஓம் என்று சொல்லிவிடுவார்கள். ‘ஆரும்’ என்ற சொல் தானாக மறுக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு சோதனை: மறுப்பு இல்லாத வாக்கியத்தில் அதை வைத்துப் பாருங்கள். ‘கோயிலுக்கு ஆரும் வரலாம்’ என்றால் யார் வேண்டுமானாலும் வரலாம். ‘ஆரும் வந்தவையோ?’ என்று கேட்டால் யாராவது வந்தார்களா என்று பொருள். இரண்டிலும் மறுப்பின் நிழல்கூட இல்லை. ‘ஆர்’ என்ற வினாச்சொல்லோடு ‘உம்’ சேர்ந்தது, அவ்வளவுதான்.

இன்னொரு சோதனை: கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில். ரஷ்யரிடம் ‘யார் வந்தது?’ என்று கேட்டால் ‘நிக்தோ’ என்று மட்டும் சொன்னால் போதும், ஒருவரும் வரவில்லை என்று விளங்கும். இங்கே ஒருவர் “ஆர் வந்தது?” என்று கேட்க, நீங்கள் “ஒருத்தரும்” என்று மட்டும் சொல்லி நிறுத்திப் பாருங்கள். கேட்டவர் மிச்சத்துக்குக் காத்திருப்பார். “ஒருத்தரும் இல்லை” என்றோ “ஒருத்தரும் வரேல்லை” என்றோ முடித்தால்தான் பதில் ஆகும். ஆகத் தமிழில் மறுப்பு வினையில் மட்டுமே இருக்கிறது. ‘ஆரும்’, ‘ஒண்டும்’ அந்த மறுப்பின் கீழே வந்து நிற்கிற சொற்கள். வெளித்தோற்றம் ரஷ்ய மொழி மாதிரி, உள்ளே கணக்கு வேறு.

கணக்கு வேறு என்பது, இரண்டு மறுப்பு உள்ள வாக்கியத்தில் ‘ஒருத்தரும்’ என்பதைப் போட்டால் நன்றாகத் தெரியும். ஒரு கலியாண வீடு முடிந்து வந்தவர் சொல்கிறார்: “சொன்ன ஆக்களிலை ஒருத்தரும் வராமல் இருக்கேல்லை.” ‘ஒருத்தரும்’ மறுப்பு இல்லை. ‘வராமல்’ முதல் மறுப்பு, பழைய வாய்பாட்டிலிருந்து வந்த ‘ஆ’ அதில் இருக்கிறது. ‘இருக்கேல்லை’ இரண்டாவது மறுப்பு, எச்சத்தின் மேல் ஏறிய ‘இல்லை’. தமிழ் எதிர்மறை இயைபு மொழியாக இருந்திருந்தால் இவை எல்லாம் ஒன்றாகக் கரைந்து, ஒருவருமே வரவில்லை என்று முடிந்திருக்கும். நம் காதில் அப்படி விழாது. இரண்டு மறுப்பும் தனித்தனியே எண்ணப்பட்டுக் கவிழ்கின்றன: சொன்னவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள்.